அளவு கொடுத்து ஆன்லைனில் தைத்த பிளவுஸ் பொருந்தவில்லை: யார் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்காகப் பட்டுப் புடவையோடு வந்த பிளவுஸ் துணியைக் கூரியரில் அனுப்பி, ஒரு ஆன்லைன் தையல் தளத்தில் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னேன். மார்பு 38 என்று எழுதினேன். வந்த பிளவுஸில் ஊக்கு பூட்டவே முடியவில்லை, கையைத் தூக்கினால் மொத்தமாக மேலே ஏறுகிறது. "நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் தைத்தோம், கஸ்டமைஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். 3,200 ரூபாய் போனது போனதுதானா?

பதில்:

போனது என்று முடிவுகட்ட வேண்டாம். அதேபோல, தவறு அவர்களுடையதுதான் என்றும் இப்போதே சொல்லிவிட முடியாது. பல வருடமாக லேடீஸ் டெய்லரிங் செய்கிறேன், வெளியூர் ஆர்டர்களும் அளவு வாங்கித் தைத்து அனுப்புகிறேன். இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். இது பெரும்பாலும் தவறான இடத்தில்தான் நடக்கிறது. நீங்கள் "எனக்குப் பொருந்தவில்லை" என்பீர்கள், அவர்கள் "அளவுப்படிதான் தைத்தோம்" என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பதால் பேச்சு நகராது. பிளவுஸை உங்கள் உடம்போடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, நீங்கள் நிரப்பிய அளவுத் தாளோடு ஒப்பிடுங்கள். அதற்கு ஒரு இன்ச் டேப் போதும்.

அதற்கு முன் ஒன்று. பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். கல்யாணம் நெருங்குகிறது என்ற பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஒரு தையலைப் பிரித்தாலும் வந்தபோது எந்த அளவில் இருந்தது என்பதற்கு அத்தாட்சி போய்விடும். துவைக்கவும் வேண்டாம், அயர்ன் போடவும் வேண்டாம். கூரியர் கவர், உள்ளே வந்த அளவுச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அளவு நிரப்பிய பக்கத்தையும் அதில் இருந்த விளக்கங்களையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளத்தில் எழுத்து நாளைக்கே மாறலாம்.

பிளவுஸை அளப்பது

சட்டையை அளப்பதுபோல மேஜையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் பிளவுஸுக்குச் சரி வராது. முன்பக்கம் டாட் பிடித்திருப்பதால் துணி குவிந்து நிற்கும், தட்டையாகப் படியாது. அப்படி அளந்தால் உண்மையான சுற்றைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணைத் தளத்துக்கு அனுப்பினால் அவர்களுடைய டெய்லர் ஒரு நிமிடத்தில் மடக்கிவிடுவார்.

முன்னையும் பின்னையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முதலில் பின்பக்கம். கைக்குழி முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சைடு தையலிலிருந்து மறு சைடு தையல் வரை நேராக அளவெடுங்கள். அப்புறம் முன்பக்கத்தின் ஒரு பாதி. சைடு தையலிலிருந்து ஆரம்பித்து, டாட் முனை வழியாக, துணியின் குவிவை ஒட்டியே டேப்பைக் கொண்டுவந்து ஊக்கு மாட்டும் கோட்டில் நிறுத்துங்கள். பட்டியின் ஓரம் வரை போகக் கூடாது, ஏனென்றால் ஊக்கு மாட்டும்போது அந்த அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மறு பாதியையும் அப்படியே அளந்து மூன்றையும் கூட்டினால் பிளவுஸின் மார்புச் சுற்று வந்துவிடும். ஒவ்வொரு அளவுக்கும் டேப்பின் எண் தெரிகிற மாதிரி மேலிருந்து நேராக ஒரு போட்டோ எடுங்கள். சாய்வாக எடுத்தால் எண் தள்ளித் தெரியும்.

இப்போது அந்தக் கூட்டுத்தொகை என்ன வருகிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதிய 38 உடம்பின் அளவு என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலான தளங்கள் கேட்பது அதைத்தான். உடம்பு 38 என்றால் பிளவுஸ் 38 ஆக இருக்கக் கூடாது. மூச்சு விடவும் கையை நீட்டவும் ஒன்றரை, இரண்டு இஞ்ச் லூஸ் சேர்த்துத்தான் வெட்டுவோம். நல்ல இறுக்கமாகக் கேட்பவர்களுக்குக்கூட ஒரு இஞ்ச் விடாமல் வெட்டுவதில்லை. ஆகவே வந்திருக்க வேண்டியது ஏறக்குறைய 39½.

பின்பக்கம் 18, முன்பாதி ஒவ்வொன்றும் 9½ என்று வந்தால் மொத்தம் 37. நீங்கள் எழுதிய எண்ணைவிடவே குறைவு. வெட்டும்போதோ தைக்கும்போதோ தவறியிருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் கால் இஞ்ச் கூடுதலாகப் பிடித்தாலே மொத்தச் சுற்றில் ஒரு இஞ்ச் காணாமல் போகும், அவசர வேலையில் இது சகஜம். தவறு முழுக்க அவர்களுடையது, இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பின்பக்கம் 18, முன்பாதி 10, 10 என்று வந்தால் மொத்தம் 38. இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன், நான் பார்த்த புகார்களில் இதுதான் அதிகம். உங்கள் எண்ணை எடுத்து, லூஸ் சேர்க்காமல், அதையே பிளவுஸின் அளவாக வைத்து வெட்டியிருக்கிறார்கள். "நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் தைத்தோம்" என்ற பதில் இங்கிருந்துதான் வருகிறது, அவர்கள் அதை நம்பியே சொல்கிறார்கள். இந்த நிலையில் தீர்ப்பு உங்கள் படிவத்தில் இருக்கிறது. "உடலைச் சுற்றி அளந்து எழுதவும், தேவையான லூஸ் நாங்கள் சேர்ப்போம்" என்பது போன்ற வரி இருந்தால் தவறு அவர்களுடையது. "நன்றாகப் பொருந்தும் பிளவுஸை அளந்து எழுதவும்" என்று இருந்து, நீங்கள் உடம்பை அளந்து எழுதியிருந்தால் தவறு உங்களுடையது. வெறுமனே "மார்பு" என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால், எந்த அளவு என்று கேட்டுத் தெளிவுபடுத்தியிருக்க வேண்டியது தொழில் தெரிந்தவர்தான். வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. டேப் பிடிக்கத் தெரியாத ஒருவரிடம் அளவு எழுதி வாங்கித்தான் அவர்கள் தொழில் செய்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்பதும் அவர்கள் வேலைதான்.

பின்பக்கம் 18½, முன்பாதி 10½, 10½ என்று வந்தால் மொத்தம் 39½. பிளவுஸ் தாளின்படி சரியாக இருக்கிறது. அப்படியும் ஊக்கு பூட்டவில்லை என்றால், வீட்டில் அளந்தபோது டேப் முதுகுப் பக்கம் இறங்கியிருக்கலாம், அல்லது இழுத்துப் பிடித்து அளந்திருக்கலாம். இன்னொருவரை விட்டு மறுபடி அளந்து பாருங்கள். 40, 41 என்று வந்தால் நீங்கள் கேட்பது உரிமை அல்ல, உதவி. அந்தத் தொனியில் கேட்டால் ஆல்டர் செய்து கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன.

படிவத்தில் "அரை இஞ்ச் கூடக்குறைய இருக்கலாம்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த அரை இஞ்சுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். கையால் செய்யும் வேலையில் அது நியாயமான வரிதான். ஆனால் ஒன்றரை, இரண்டு இஞ்ச் வித்தியாசத்தை அந்த வரியைக் காட்டி மூட முடியாது.

கையைத் தூக்கினால் ஏறுவது வேறு பிரச்சினை

உங்கள் கேள்வியில் இரண்டு புகார்கள் இருக்கின்றன, அவற்றைக் கலக்க வேண்டாம். ஊக்கு பூட்டாதது மார்புச் சுற்றுச் சிக்கல். கையைத் தூக்கும்போது பிளவுஸ் மொத்தமாக ஏறுவது பெரும்பாலும் கைக்குழி ஆழமாகிவிட்டதால் வருவது. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் போட்டிருப்பவருக்கு அது இறுக்கம் போலத்தான் தெரியும். கைக்குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியாகத் தூக்கும். கீழே இறங்கியிருந்தால் கை தூக்கும்போது பக்கத்துத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். "கை இறுக்கமாக இருக்கிறது" என்று டெய்லரிடம் சொன்னால் அவர் கைக்குழியை இன்னும் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பார், ஏறுவது இன்னும் அதிகமாகும்.

வித்தியாசம் தெரிந்துகொள்ள, பிளவுஸைப் போட்டு ஊக்கு மாட்டாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். அக்குளுக்கும் கைக்குழித் தையலின் அடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தால் சரி. மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் ஆழம் அதிகம். இடமே இல்லாமல் துணி அக்குளில் அறுத்தால், அப்போதுதான் உண்மையிலேயே குழி சிறியது. ஊக்கு பூட்டாமலே கையைத் தூக்கும்போதும் ஏறினால் காரணம் கைக்குழிதான், மார்புச் சுற்று இல்லை.

இதைச் சொல்லக் காரணம், இந்த இரண்டில் ஒன்றுதான் சரிசெய்யக்கூடியது. சுற்றளவு குறைந்தால் உள்ளே துணி விட்டிருக்கிற வரைக்கும் பிரித்துவிடலாம். கைக்குழி சிறிதாக இருந்தால் வெட்டலாம். ஆழமாக வெட்டிவிட்ட கைக்குழியை மேலே கொண்டுவர வழி இல்லை, போன துணி போனதுதான். கழுத்து அகலமாகித் தோள் நழுவுவதும் இதே இனம். தோள் தையலில் கொஞ்சம் பிடித்தோ, பின்னால் கயிறு வைத்தோ சமாளிக்கலாம், ஆனால் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே "ஆல்டர் செய்து தருகிறோம், அனுப்புங்கள்" என்று அவர்கள் இறங்கி வந்தால், எந்தக் குறையை எப்படிச் சரிசெய்யப் போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். கைக்குழிக்கும் ஆல்டர் என்று பொதுவாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தாளில் கைக்குழி அளவு நீங்கள் கொடுத்திருந்தீர்களா, அல்லது மார்பு அளவை வைத்து அவர்களே போட்டுக்கொண்டார்களா என்பதையும் பாருங்கள். அவர்களே போட்டது என்றால் அது தவறிப்போனதற்கும் அவர்கள்தான் பொறுப்பு.

உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது

பிளவுஸை உள்பக்கம் திருப்பி, சைடு தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று அளந்து பாருங்கள். லைனிங்கும் மேல் துணியும் சேர்ந்தே இருக்கிறதா என்றும் பாருங்கள். லைனிங்கில் மட்டும் தாராளமாக விட்டு, பட்டை ஒட்ட வெட்டியிருக்கும் பிளவுஸ்களும் வருகின்றன.

போன வருடம் ஒரு பெண் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் தைத்தது, கையில் ஆரி ஒர்க். படிவத்தில் உடல் அளவு 38, பிளவுஸ் அளந்தால் சரியாக 38. லூஸ் இல்லவே இல்லை. உள்ளே முக்கால் இஞ்ச் துணி இருந்தது. நல்ல வேளையாக எதையும் பிரிக்காமல் வந்திருந்தார். நான் அளந்து போட்டோ எடுத்துக் கொடுத்தேன், அவர் படிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து அனுப்பினார். அதுவரை ரிட்டர்ன் கிடையாது என்றே பேசிக்கொண்டிருந்தவர்கள், உள்ளூரில் ஆல்டர் செய்துகொள்ளுங்கள், செலவைத் தருகிறோம் என்று எழுதினார்கள். எழுத்தில் வந்த பிறகுதான் பிரித்தேன்.

கணக்கு எளிது. பிளவுஸுக்கு இரண்டு சைடு தையல், ஒவ்வொன்றிலும் முன் துணி, பின் துணி என இரண்டு ஓரம், ஆக நான்கு ஓரம். முக்கால் இஞ்சில் கால் இஞ்சைத் தையல் நிற்க விட்டுவிட வேண்டும், மீதி அரை இஞ்சை ஒவ்வொரு ஓரத்திலும் விடலாம். நான்கு அரை, இரண்டு இஞ்ச். அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றரை இஞ்ச்தான். ஓரத்துக்கு 3 நூல், அதாவது 3/8 இஞ்ச், விட்டாலே போதுமானதாக இருந்தது. சைடைப் பிரித்தால் அக்குளில் கைத்துணியையும் அதே அளவுக்குப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை உட்காராது. அவருடைய கையில் ஆரி வேலை தையல் கோட்டிலேயே நின்றுவிட்டதால், பிரித்ததும் அடிக்கையில் வேலை இல்லாத ஒரு வெற்றுக்கோடு தெரிந்தது. பட்டில் பழைய ஊசித்தடமும் வரிசையாகத் தெரிந்தது. பருத்தியாக இருந்தால் ஒரு துவையலில் மறையும், பட்டில் மறையாது. இரண்டுமே கையைத் தூக்கினால்தான் தெரியும் இடம் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார்.

உங்கள் பிளவுஸிலும் முக்கால் இஞ்ச் இருந்து, குறைவது இரண்டு இஞ்சுக்குள் என்றால் பிளவுஸ் பிழைத்துவிடும். மொத்தம் 37 தான் வருகிறது என்றால் இரண்டரை இஞ்ச் வேண்டும், அரை இஞ்ச் இடிக்கும். டாட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஊக்கைச் சற்று நகர்த்தி அந்த அரை இஞ்சை ஒப்பேற்றலாம், ஆனால் முன்பக்க வடிவம் சற்றுத் தட்டையாகும். உள்ளே அரை இஞ்ச்தான் இருக்கிறது என்றால் ஆல்டர் என்ற பேச்சே வேண்டாம், நேரே பணத்துக்கும் துணிக்கும் போங்கள்.

"ரிட்டர்ன் கிடையாது" என்ற வரி எதுவரை செல்லும்

மனம் மாறியதற்காகத் திருப்பித் தருவதும், குறைபாட்டுக்காகத் திருப்பித் தருவதும் வேறு வேறு. கலர் பிடிக்கவில்லை, கல்யாணம் தள்ளிப்போனது, வேறு பிளவுஸ் கிடைத்துவிட்டது என்றால், உங்கள் அளவுக்குத் தைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது நியாயம். வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஆன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை இருக்கிறது. அங்கேகூடத் தனி அளவில் செய்த பொருளுக்கு அது கிடையாது. ஆனால் குறைபாடு இருந்தால் அந்த விலக்கு அங்கும் கடைக்காரரைக் காப்பாற்றாது.

நம் நாட்டில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளையோ சேவையையோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்தியிருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் என்பது அதன் கணக்கு. 2020 இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் தெளிவு. விளம்பரப்படுத்தியபடியோ ஒப்புக்கொண்டபடியோ இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. ஒப்புக்கொண்டபடி என்ற அந்தச் சொல்தான் உங்களுக்கு வேண்டியது. உங்கள் அளவுத் தாள்தான் அந்த ஒப்புதல். அதனால்தான் இவ்வளவு நேரம் டேப்பைப் பற்றியே பேசினேன். 37 என்று வந்த பிளவுஸ், அல்லது படிவம் பிளவுஸின் அளவைக் கேட்காத நிலையில் 38 என்று வந்த பிளவுஸ் ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருள், 39½ என்று வந்தது ஒப்புக்கொண்டபடி இருப்பது. "கஸ்டமைஸ்டு" என்ற ஒற்றை வார்த்தை முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்றிவிடாது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. துணி உங்களுடையது. அவர்கள் விற்றது பிளவுஸ் அல்ல, தையல் வேலை. ஆகவே இது சேவைக் குறைபாடு. தையல் கூலியைத் திருப்பித் தந்தால் கணக்கு தீர்ந்தது என்று அவர்கள் சொன்னால் அது பாதிதான். புடவையோடு சேர்ந்து நெய்த 80 செ.மீ. துணி தனியாகக் கடையில் கிடைக்காது. அந்தத் துணி கெட்டுப்போனதற்கும் இழப்பீடு கேளுங்கள். புடவை பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

என்ன எழுத வேண்டும்

போனில் சண்டை போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசினாலும் முடிவான புகாரை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. புகாரை அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கோபத்தைக் காட்டாமல் எண்களை மட்டும் வைத்து எழுதுங்கள், இப்படி:

"ஆர்டர் எண் இது, இந்தத் தேதியில் கிடைத்தது. உங்கள் படிவத்தில் உடல் அளவு கேட்டிருந்தீர்கள், மார்பு 38 என்று கொடுத்தேன். வந்த பிளவுஸ் பின்பக்கம் 18, முன்பாதிகள் 10, 10, மொத்தம் 38 இஞ்ச். லூஸ் சேர்க்கப்படவில்லை. அளவெடுத்த படங்களும் படிவத்தின் படமும் இணைத்துள்ளேன். பிளவுஸைப் போட்டுப் பார்த்ததோடு சரி, வேறு அணியவில்லை, பிரிக்கவில்லை. இரு பக்கக் கூரியர் செலவும் உங்களுடையதாக இன்ன தேதிக்குள் சரிசெய்து தர வேண்டும், அல்லது தையல் கூலியும் துணியின் விலையும் திருப்பித் தர வேண்டும்."

எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். தேதியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்குள்தான் இருக்கிறது என்றால் அனுப்பித் திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். "உள்ளூரில் சரிசெய்துகொள்கிறேன், செலவை ஏற்பதாக எழுத்தில் உறுதி தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் இதற்குத்தான் சீக்கிரம் சம்மதம் கிடைக்கும், அவர்களுக்கும் செலவு குறைவு.

பதில் வராவிட்டாலோ, அதே பல்லவியைப் பாடினாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். அது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பெயர் கெடக் கூடாது என்று நினைக்கும் தளங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். e-jagriti.gov.in வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டு கால அவகாசம் இருக்கிறது, ஆகவே கல்யாண அவசரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். 3,200 ரூபாய்க்காக இத்தனை தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் போக முடியும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது கடிதத்தின் தொனியிலேயே தெரியும்.

கடையோ தளமோ இல்லாமல் இன்ஸ்டாகிராமில் தைத்துத் தரும் ஒருவரிடம் கொடுத்திருந்தாலும், அவர் அதைத் தொழிலாகத் தொடர்ந்து செய்கிறவர் என்றால், காசு வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தும். பில் இல்லை என்பார்கள். யுபிஐயில் பணம் போன பதிவும் அளவு அனுப்பிய செய்தியும் இருந்தால் அவற்றை வைத்தே தொடங்கலாம்.

அடுத்த முறை கொடுப்பதாக இருந்தால்

அளவு எண்களை மட்டும் வைத்துத் தைப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. மார்புச் சுற்று 38 உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு முதுகு அகலமாக இருக்கும், இன்னொருவருக்கு முன்பக்கம் கூடுதலாக இருக்கும். எண் ஒன்று, வெட்ட வேண்டிய துணி வேறு. ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருப்பதும் எந்தக் கட்டத்திலும் வராது. நேரில் பார்க்கும் டெய்லர் இதையெல்லாம் கேட்காமலே கவனித்துவிடுவார். தளத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே முடிந்தால் எண்களை அனுப்பாமல், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு அளவு பிளவுஸையே துணியோடு வைத்து அனுப்புங்கள். அதே கட்டிங் உள்ளதாக இருக்கட்டும். பிரின்சஸ் கட் வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாதாரண டாட் பிளவுஸை அளவுக்கு அனுப்பினால் முன்பக்கம் அவர்கள் ஊகத்தில்தான் வரும்.

அளவு பிளவுஸ் அனுப்ப வழி இல்லை என்றால், வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: "நான் கொடுத்திருப்பது உடல் அளவு, தைத்து முடித்த பிளவுஸின் மார்புச் சுற்று எத்தனை இஞ்ச் வரும்?" அந்த ஒரு எண் கையில் இருந்தால் பின்னால் வாதமே வராது. சைடில் ஒரு இஞ்சாவது உள்ளே விடச் சொல்லுங்கள், பட்டும் லைனிங்கும் சேர்த்து. ஆரி வேலை இருந்தால் வேலை போடுவதற்கு முன்பே கழுத்து அகலத்தையும் கைச்சுற்றையும் ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லுங்கள். கட்டையில் துணியைக் கட்டி வேலை முடித்துவிட்டால் அதற்கப்புறம் கழுத்தைத் தொட முடியாது.

இப்போதைக்கு இன்று இரவே அந்த மூன்று அளவுகளையும் எடுத்துவிடுங்கள். எண்களையும் உள்ளே விட்டிருக்கும் துணியின் அளவையும் இங்கே எழுதினால், பிரித்துத் தைக்க முடியுமா, பணம்தான் கேட்க வேண்டுமா என்று சொல்கிறேன். கைக்குழியில் எத்தனை விரல் நுழைகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று விரல் என்றால் ஆல்டருக்குச் சம்மதிக்காதீர்கள்.